வெடித்தும் அழியாத விண்மீன்

2021 ஆகஸ்ட் 8 அன்று ஓபியூக்கஸ் விண்மீன் குழுவில் ஒரு மங்கலான புள்ளி திடீரென்று ஒளிர்ந்தது. வழக்கமாகத் தொலைநோக்கி வைத்தால்தான் தெரியும் ஆர்.எஸ். ஓபியூக்கி, அன்று வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. 1898, 1933, 1958, 1967, 1985, 2006 ஆகிய ஆண்டுகளிலும் அது இப்படி வெடித்திருக்கிறது.

வெடித்த விண்மீன் எப்படி மறுபடி வெடிக்கும்? வெடித்தது விண்மீன் அல்ல, அதன் மேல் படிந்திருந்த சரக்கு மட்டுமே. நோவா என்பது அதுதான்.

ஆர்.எஸ். ஓபியூக்கி உண்மையில் இரண்டு விண்மீன்கள். ஒன்று, ஊதிப் பெருத்த சிவப்பு அரக்கன். மற்றொன்று, எரிபொருள் தீர்ந்து, சூரியனைவிட அதிக நிறையைப் பூமியைவிடச் சிறிய உருண்டைக்குள் அடக்கிக்கொண்டிருக்கும் வெள்ளைக் குள்ளன். அரக்கனிடமிருந்து வழியும் ஹைட்ரஜனைக் குள்ளனின் ஈர்ப்பு இழுத்துக்கொள்கிறது. ஆண்டுக்கணக்கில் அது படலமாகச் சேர்கிறது. அடிப்பகுதி நசுங்கிச் சூடேறுகிறது.

சாதாரண வாயு சூடேறினால் விரியும், விரிந்தால் குளிரும். அளவுக்கு மீறி நசுங்கிய இந்தப் படலமோ சூடேறினாலும் உடனே விரிவதில்லை. அதனால் அணுக்கரு இணைவு தொடங்கியதும் வெப்பம் இணைவை விரைவாக்குகிறது, இணைவு வெப்பத்தைக் கூட்டுகிறது. வெப்பநிலை பத்துக் கோடி டிகிரியைத் தாண்டும்போது படலம் ஒருவழியாக விரிந்து, நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் சிதறுகிறது. அடியில் குள்ளன் முழுசாக இருக்கிறான். சில மாதங்களில் ஒளி அடங்க, மீண்டும் ஹைட்ரஜன் சேரத் தொடங்குகிறது.

சூப்பர்நோவாவில் விண்மீனே போய்விடுகிறது. அதில் ஒரு வகை, சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேல் நிறை கொண்ட விண்மீனின் மையம் இடிந்து விழுவதால் நேர்வது. 1987இல் பெரிய மெகல்லானிய மேகத்தில் தெரிந்தது அப்படிப்பட்டதுதான். இன்னொரு வகையான ‘1ஏ’, வெள்ளைக் குள்ளனுக்கே நேர்வது. இங்கே பற்றிக்கொள்வது மேற்படலத்து ஹைட்ரஜன் அல்ல, குள்ளனின் உடலாகிய கார்பன். சில நொடிகளில் குள்ளன் முழுவதும் எரிந்து சிதறுகிறது. பிரகாசம் நோவாவைப்போல் பல ஆயிரம் மடங்கு. 1572இல் டைக்கோ பிராஹே கண்ட ‘புதிய விண்மீன்’ இந்த வகை. இன்று அங்கே விரிந்துகொண்டே போகும் வாயுக்கூடுதான் இருக்கிறது.

இரண்டையும் பிரித்தறிய நிறமாலை உதவுகிறது. நோவாவின் ஒளியில் ஹைட்ரஜனின் கோடுகள் பளிச்சென்று தெரியும். 1ஏ வகையில் பொதுவாக ஹைட்ரஜன் தென்படாது. சிலிக்கான் கோடு தெரியும்.

வெள்ளைக் குள்ளன் தாங்கக்கூடிய நிறைக்கு ஓர் எல்லை உண்டு: சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்ரமணியன் சந்திரசேகர், அந்தப் பயணத்திலேயே இந்தக் கணக்கைத் தொடங்கினார். ஆர்.எஸ். ஓபியூக்கியின் குள்ளன் அந்த எல்லைக்கு அருகில் இருப்பதாகவே கணிக்கிறார்கள். ஈர்ப்பு மிகுதி என்பதால் கொஞ்சம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே போதும், வெடித்துவிடுகிறது. ஒவ்வொரு வெடிப்பிலும் சேர்த்ததைவிடக் குறைவாக அது இழக்கிறது என்றால், நிறை ஏறிக்கொண்டே போகும். எல்லையை நெருங்கும்போது அந்த உடல் கார்பனால் ஆனதாக இருந்தால், அடுத்து வருவது நோவாவாக இருக்காது. 1ஏ சூப்பர்நோவாவாக இருக்கும்.