கைமேல் பலன் எந்த மூலையில்?

2009 மார்ச்சில் ஜிமெயிலின் சோதனைப் பகுதியில் ஒரு சின்ன வசதி எட்டிப் பார்த்தது. 'அனுப்பு' பட்டனை அழுத்திய பிறகு ஐந்து விநாடிக்குள் மனம் மாறினால் அஞ்சலைத் திரும்பப் பெறலாம். போன அஞ்சலை இணையத்தில் துரத்திப் பிடிக்கும் மாயம் எதுவும் அதில் இல்லை. அனுப்பிவிட்டதுபோலக் காட்டிவிட்டு, ஐந்து விநாடி கையிலேயே வைத்திருந்து அப்புறம்தான் அனுப்பினார்கள். மேலதிகாரியின் பெயரைத் தப்பாக அடித்தவர்களும் இணைப்பைச் சேர்க்க மறந்தவர்களும் பிழைத்துக்கொண்டார்கள். 2015 ஜூனில் அது ஜிமெயிலின் முறையான வசதியாகவே ஆகிவிட்டது.

ட்விட்டர்காரர்களும் பல வருடமாக இதே மாதிரி ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்: போட்ட பதிவைத் திருத்த ஒரு பட்டன். ஆனால் அங்கே விஷயம் அத்தனை சுலபமாக இல்லை. ஒரு பதிவை ஆயிரம் பேர் பகிர்ந்த பிறகு, எழுதியவர் அதை நேர்மாறாக மாற்றிவிட்டால் பகிர்ந்தவர்களின் கதி என்ன? பழைய வடிவத்தை எங்கே காட்டுவது, எவ்வளவு நேரம் வரை திருத்த விடுவது? கடைசியில் 2022-இல், அதுவும் பணம் கட்டும் பயனர்களுக்குத்தான், அரை மணி நேர வரம்போடும் திருத்த வரலாறோடும் அந்த வசதி வந்து சேர்ந்தது.

கேட்டவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்: "தப்பு செய்துவிட்டேன், சரிசெய்ய விடு." செய்து கொடுக்க வேண்டியவர்களுக்கு இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாத தூரம். வாடிக்கையாளர் கோரிக்கைகள் நூற்றுக்கணக்கில் குவியும்போது இந்தத் தூரத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி வைக்கும் கருவிதான் பலன்–உழைப்புக் கட்டம்.

அமைப்பு மிக எளிது. வெள்ளைப்பலகையில் கீழிருந்து மேலே ஒரு கோடு, அது பலன். இடமிருந்து வலமாக இன்னொரு கோடு, அது உழைப்பு. ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு ஒட்டுச்சீட்டு. பலகையை நான்காகப் பிரித்தால், இடது மேல்மூலையில் பலன் அதிகம், உழைப்பு குறைவு: கைமேல் பலன். வலது மேலே இருப்பவை பெரிய வேலைகள். இடது கீழே இருப்பவை நேரம் கிடைத்தால் செய்யலாம். வலது கீழே இருப்பவற்றை விட்டுவிடலாம். லாக்ஹீட் மார்ட்டின் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தில் புழங்கிய 'பிக் சார்ட்' என்ற வடிவத்தில் இந்தக் கடைசி மூலைக்கு வைத்த பெயர் 'கொன்றுவிடு'.

கட்டம் வரைய ஒரு நிமிடம் போதும். சீட்டை எங்கே ஒட்டுவது என்பதில்தான் நாள் போகும். அதைப் பார்க்க, மளிகைக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து விற்கும் ஒரு சிறு நிறுவனம் கோவையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அறுநூறு கடைகள், நான்கு புரோகிராமர்கள், போன் எடுக்க இரண்டு பேர். ஒரு வருடத்தில் நோட்டில் சேர்ந்த கோரிக்கைகள் 140.

முதல் வேலை, 140-ஐக் குறைப்பது. "டூப்ளிகேட் பில் வேண்டும்" என்கிறார் ஒருவர். "பேப்பர் தீர்ந்து பாதி பில்தான் வந்தது, மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டியிருக்கிறது" என்கிறார் இன்னொருவர். "கஸ்டமர் பில்லைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறார், என்ன செய்வது?" என்கிறார் மூன்றாமவர். மூன்றும் ஒரே சீட்டு. இப்படிச் சேர்த்துக்கொண்டே போனால் 52 சீட்டுகள் மிஞ்சுகின்றன. சேர்க்கும்போது கடைக்காரர் சொன்ன தீர்வை விட்டுவிட்டு அவருடைய சிக்கலை எழுத வேண்டும். அப்போதுதான் ஒன்றோடொன்று பொருந்துவது தெரியும். இந்தச் சீட்டில் இன்னொன்றும் தெரிந்தது. பழைய பில்லை மறுபடி அடிக்கும் வசதி மென்பொருளில் ஏற்கெனவே இருக்கிறது, மூன்று மெனுக்களுக்கு உள்ளே. கல்லாவில் நாலு பேர் காத்திருக்கும்போது அதை யார் தேடுவார்கள்?

சில சீட்டுகள் பலகைக்கே வரக்கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பெரும்பாலான பொருட்கள் 5-க்கும் 18-க்கும் நகர்ந்தன. அன்று காலை கடை திறக்கும்போது பில்லில் புது வரி விழுந்தே ஆக வேண்டும். பலன் எவ்வளவு, உழைப்பு எவ்வளவு என்று விவாதிக்க அங்கே எதுவும் இல்லை. சட்டம் சொல்வது, பாதுகாப்பு ஓட்டை, பணக் கணக்கே தப்பாக வருவது ஆகிய மூன்றையும் தனியாக எடுத்து, தேதி போட்டு வைத்துவிட வேண்டும். அவற்றையும் கட்டத்துக்குள் போட்டால் மேல்பகுதியை அவையே அடைத்துக்கொள்ளும்.

அடுத்து, பலன். இங்கே சத்தமாகக் கேட்பவரின் குரல்தான் முதல் ஆபத்து. எட்டுக் கிளைகள் உள்ள ஒரு சூப்பர் மார்க்கெட் உரிமையாளர், கிளைவாரியாக வண்ண வரைபட அறிக்கை வேண்டும் என்று வாரம் இரண்டு முறை போன் செய்கிறார். நோட்டைப் புரட்டினால் அவர் கோரிக்கை பதினெட்டு இடத்தில் இருக்கிறது. ஆனால் கேட்டது ஒரே ஒரு கடை. அதனால் சீட்டின் ஓரத்தில் எத்தனை போன் வந்தது என்று எழுதாமல் எத்தனை கடை கேட்டது என்று எழுத வேண்டும். கூடவே, அந்தச் சிக்கல் ஒரு நாளைக்கு எத்தனை முறை வருகிறது, வந்தால் வியாபாரம் நிற்கிறதா அல்லது எரிச்சலோடு போகிறதா என்றும் குறித்துக்கொள்ள வேண்டும். மறு பில் சீட்டில் விழுந்த எண் 31 கடை. சிக்கல் தினமும் வருகிறது.

கடைக் கணக்கை மட்டும் நம்பினாலும் ஏமாற வேண்டியதுதான். "நெட் போனால் பில் போட முடியவில்லை" என்ற சீட்டில் நான்கு கடைகள்தான் இருந்தன. ஆனால் ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்காமல் போனவர்களைக் கூப்பிட்டுக் கேட்டபோது, பலரும் சொன்ன காரணம் அதுதான். விட்டுப் போனவர் புகார் சொல்லிக்கொண்டு நிற்க மாட்டார். அவர் எண்ணிக்கை நோட்டில் ஏறாது. அந்தச் சீட்டு பலகையில் சட்டென்று மேலே ஏறியது.

உழைப்பைக் கணிப்பது இதைவிடக் கடினம். "பில்லில் பொருளின் பெயர் தமிழில் வர வேண்டும்" என்ற சீட்டை எடுத்துக்கொள்வோம். விற்பனைப் பிரிவில் இருப்பவர் ஒரு நாள் வேலை என்கிறார். திரையில் தமிழ் தெரிகிறதே, அச்சிட என்ன? மூத்த புரோகிராமர் பன்னிரண்டு நாள் என்கிறார். இப்படி இரண்டு எண்களுக்கும் இடையே பெரிய இடைவெளி விழுந்தால் அங்கே ஏதோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். கல்லாப்பெட்டி அருகே இருக்கும் மலிவான தெர்மல் பிரின்டர்களுக்குள் ஆங்கிலமும் இன்னும் சில மொழிகளின் எழுத்துகளும் பதிந்திருக்கும். தமிழ் பெரும்பாலும் இருக்காது. எழுத்தாக அனுப்பினால் கேள்விக்குறியோ கிறுக்கலோதான் வரும். ஆகவே பில்லைப் படமாக வரைந்து, புள்ளி புள்ளியாக அனுப்ப வேண்டும். இரண்டு அங்குலத் தாளுக்கு ஒரு அமைப்பு, மூன்று அங்குலத் தாளுக்கு வேறு. சில பிரின்டர்களில் வேகம் குறையும். கடைகளில் இருக்கும் ஒவ்வொரு வகை பிரின்டரிலும் அடித்துப் பார்க்க வேண்டும். சீட்டு இடமிருந்து வலத்துக்கு நகர்ந்தது.

இதனால்தான் உழைப்பு எண்ணைச் செய்யப் போகிறவர்கள் சொல்ல வேண்டும். அதுவும் ஒருவர் சொல்வதை இன்னொருவர் கேட்கும் முன்பு, ஆளுக்கொரு தாளில் எழுதி, ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். அப்போதும் எண் குறைவாகத்தான் வரும். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில் உளவியலாளர்கள் ப்யூலர், கிரிஃபின், ராஸ் மூவரும், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால்? சுமார் 49 நாள். உண்மையில் ஆனது ஏறக்குறைய 55 நாள். ஆகவே மனதில் தோன்றும் எண்ணை அப்படியே போடாமல், போன முறை இதேபோன்ற வேலை எத்தனை நாள் இழுத்தது என்று பழைய நோட்டைப் பார்ப்பது மேல். சோதித்துப் பார்ப்பது, கடைக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது, வெளியான வாரத்தில் வரும் போன்கள் எல்லாம் அந்த எண்ணுக்குள் அடக்கம்.

இப்போது ஒட்டலாம். 52 சீட்டுகளையும் முதலில் உழைப்பு வரிசையில் இடமிருந்து வலமாக ஒரே வரியாக அடுக்கி, பிறகு ஒவ்வொன்றையும் பலனுக்கேற்ப மேலே தள்ளினால் போதும். அடுத்த சீட்டோடு ஒப்பிடுவது மட்டுமே வேலை. குறுக்குக் கோடுகளைக் கடைசியில், சீட்டுகளின் நடுவே போட வேண்டும். முதலிலேயே கோடு போட்டுவிட்டால் ஆளாளுக்குத் தங்கள் சீட்டைக் கைமேல் பலன் மூலைக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். பாதிக்கு மேல் அங்கே குவிந்திருந்தால், அந்தப் பலகையை நம்ப வேண்டாம். எண்கள் ஆசைக்கு எழுதப்பட்டவை.

கோவை நிறுவனத்தின் பலகையில் அந்த மூலையில் நின்றவை ஒன்பது. மறு பில் பட்டனை பில் திரையிலேயே வைப்பது அரை நாள். பில்லின் மொத்தத் தொகையைப் பெரிய எழுத்தில் அடிப்பது ஒரு நாள். கிளைவாரி வண்ண அறிக்கை வலது கீழே போய்ச் சேர்ந்தது. சூப்பர் மார்க்கெட் உரிமையாளருக்கு, "சார், இந்த வருடம் இது முடியாது" என்று காரணத்தோடு சொல்ல ஒருவர் நேரில் போனார்.

இந்த ஒன்பதையே முடித்துக்கொண்டு, அடுத்த ஒன்பதைத் தேடினால் ஒரு சிக்கல் வரும். நெட் இல்லாமல் இயங்கும் பில்லிங் வலது மேல்மூலையில் மூன்று மாத வேலையாக நிற்கிறது. சின்ன வேலைகள் வந்துகொண்டே இருக்கும் வரை அதன் முறை வராது. அதனால் நான்கு பேரில் இருவர் அதற்கு ஒதுக்கப்பட்டார்கள். அதையும் நறுக்கிப் பார்த்தார்கள். நெட் போனால் பில் மட்டும் விழட்டும், ஸ்டாக் கணக்கு நெட் வந்த பிறகு சேரட்டும் என்று முதல் துண்டைப் பிரித்தபோது அது ஐந்து வார வேலையாகச் சுருங்கியது. கடைகளுக்கு வலித்தது அந்தத் துண்டில்தான்.

மூன்று மாதம் கழித்துப் பலகையை மறுபடி அடுக்கினார்கள். மறு பில் பற்றி வந்த போன்கள் ஏறக்குறைய நின்றிருந்தன. மொத்தத் தொகையைப் பெரிதாக அடித்ததை யாரும் கவனித்ததாகவே தெரியவில்லை. அதற்குப் போட்ட பலன் மதிப்பு தப்பு என்று சீட்டில் சிவப்பு மையில் குறித்து வைத்தார்கள். தமிழ் பில் முடிந்திருந்தது, பதினேழு நாளில். பில்லைப் படமாக அடிக்கும் வழி கைக்கு வந்துவிட்டதால், 'பில் தலையில் கடையின் லோகோ வேண்டும்' என்ற சீட்டுக்கு இப்போது ஒரு நாள் போதும். போன முறை வலது ஓரத்தில் கிடந்த அந்தச் சீட்டை எடுத்து இடது பக்கம் ஒட்டிவிட்டு, ஓரத்தில் எத்தனை கடை என்று மறுபடி எண்ணத் தொடங்கினார்கள்.