சான்றிதழ் அடகுப் பொருள் அன்று

ஒடுகத்தூரை ஒட்டிய மலையூர் மாணவர் ஒருவர் பொறியியல் முதல் பருவத்திலேயே விலகினார். மீதி மூன்றாண்டுக் கட்டணத்தைச் செலுத்தினால்தான் அசல் சான்றிதழ்கள் என்றது கல்லூரி.

ஏஐசிடிஇ விதி வேறு சொல்கிறது. வகுப்பு தொடங்குமுன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. தொடங்கியபின் விலகிய இடம் கடைசி நாளுக்குள் நிரம்பினால், படித்த மாதங்களுக்குரியதைக் கழித்து மீதியைத் தரவேண்டும். நிரம்பாவிடில் செலுத்திய கட்டணம் திரும்பாது, இது கசப்பானதே. ஆயினும் காப்புத்தொகையும் சான்றிதழ்களும் திரும்பியாக வேண்டும். வரும் ஆண்டுகளின் கட்டணத்தைக் கேட்க இயலாது.

வாய்மொழி மறுப்புக்குச் சாட்சி இராது. ஆகவே சான்றிதழ்களைப் பட்டியலிட்டு, விலகிய நாளைக் குறிப்பிட்டு, முதல்வருக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினோம். மறுத்தால் அந்த அட்டையோடுதான் ஏஐசிடிஇக்கும் உயர்நீதிமன்றத்துக்கும் செல்ல வேண்டும்.

முதுநிலை மருத்துவத்தில் இடம்விலகல் பத்திரம் தனிச் சிக்கல். அதைக் கைவிடுமாறு தேசிய மருத்துவ ஆணையம் 2024 ஜனவரியில் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது.