கல்லறையில் மாறிப்போன இனிஷியல்

‘ஸ்டார் ட்ரெக்’ தொடர் 1966 செப்டம்பரில் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது. அதன் மூன்றாவது எபிசோடில் கேப்டன் கிர்க்குக்கு ஒரு கல்லறைக் கல் வருகிறது. அதில் ‘ஜேம்ஸ் ஆர். கிர்க்’ என்று பொறித்திருக்கிறது. பின்னால் அவர் ‘ஜேம்ஸ் டி. கிர்க்’ ஆகிவிட்டார். அதே எபிசோடில் ஸ்பாக், தன் முன்னோர் ஒருவர் மனிதப் பெண்ணை மணந்ததாகச் சொல்கிறார். அடுத்த வாரமோ, தன் தாயே பூமியைச் சேர்ந்தவர் என்கிறார்.

காரணம் எளிது. அந்த மூன்றாவது எபிசோடு, 1965-லேயே முன்னோட்டமாக எடுக்கப்பட்டது. கிர்க் யார், ஸ்பாக் யார் என்பது அப்போது முழுதாக முடிவாகவில்லை. தொடர் ஓடத் தொடங்கியதும் வெளியிலிருந்து பல எழுத்தாளர்கள் கதை கொடுத்தார்கள். அத்தனை பேரையும் ஒரே உலகத்துக்குள் நிறுத்த ஜீன் ராடன்பெரியின் குழு தயாரித்த கையேடுதான் ‘ரைட்டர்ஸ் கைடு’. இப்படிப்பட்ட கையேட்டைத் தொலைக்காட்சித் துறையில் ‘சீரிஸ் பைபிள்’ என்பார்கள்.

1967 ஏப்ரலில் வந்த அதன் மூன்றாம் திருத்தத்தில் பாத்திரங்களின் குணம், உறவு, கப்பலின் அமைப்பு, ஆயுதங்களின் எல்லை எல்லாம் இருக்கின்றன. கப்பலின் வேகத்தை எடுத்துக்கொள்வோம். வார்ப் 1 என்பது ஒளியின் வேகம். வார்ப் 2 அதைப்போல் 8 மடங்கு, வார்ப் 4 என்றால் 64 மடங்கு. ஆபத்தில்லாத உச்சம் வார்ப் 6. அதைத் தாண்டினால் கப்பல் திணறும். இந்த எல்லை இருப்பதால்தான் கேப்டன் வார்ப் 8-க்கு உத்தரவிடும்போது பார்ப்பவருக்குப் பதற்றம் வருகிறது. எழுத்தாளருக்கு ஒரு எண் கிடைத்தால் வேகம் வந்துவிடும். ஒரு வரம்பு கிடைத்தால்தான் கதை வரும்.

எதை இறுக்குவது என்பதைப் போலவே, எதைத் தளர விடுவது என்பதையும் கையேடு முடிவு செய்தது. கதை நடக்கும் நாளைக் குறிக்கும் ‘ஸ்டார்டேட்’ அதற்கு உதாரணம். ஏதாவது நான்கு இலக்கங்களும் ஒரு தசமமும் எடுத்துக்கொள்ளலாம், 1313.5 ஒருநாள் நண்பகல் என்றால் 1314.5 மறுநாள் நண்பகல். ஒரு கதைக்குள் கணக்கு பிசகக் கூடாது. அடுத்தவர் எழுதிய கதையோடு பொருந்த வேண்டியதில்லை. இதனால் எபிசோடுகளை எந்த வரிசையில் ஒளிபரப்பினாலும் பெரிய சிக்கல் எழவில்லை.

1987-ல் வந்த ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ அந்தத் தளர்வை இறுக்கியது. ஸ்டார்டேட் ஐந்து இலக்கமானது. இரண்டாவது இலக்கம் எத்தனையாவது சீசன் என்று காட்டியது. முதல் சீசன் கதைகள் 41 என்று தொடங்கின. வார்ப் கணக்கையும் மாற்றி, எட்டவே முடியாத வேகமாக வார்ப் 10-ஐ வைத்தார்கள்.

ஆனால் திரையில் ஒருமுறை வந்துவிட்டதை எந்தக் கையேடும் அழிக்க முடியாது. கல்லறையில் இருந்த அந்த ‘ஆர்.’ இன்றும் அப்படியே இருக்கிறது. ஆகவே தொடர் எழுத உட்காருபவர்கள் முதல் எபிசோடு படமாவதற்கு முன்பே மூன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பாத்திரத்தின் முழுப்பெயர், குடும்பம், அந்த உலகத்தில் எது நடக்கவே நடக்காது என்பது.