சமக்குறி ‘விடையை எழுது’ என்றா சொல்கிறது?

8 + 4 = □ + 5. கட்டத்துக்குள் என்ன எண் வரும்? சரியான விடை 7. ஆனால் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால் பலரும் தயங்காமல் 12 என்பார்கள். சிலர் 17 என்பார்கள்.

அமெரிக்காவில் தாமஸ் கார்ப்பென்டர் என்ற கணிதக் கல்வி ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆறாம் வகுப்பு மாணவர்கள் 145 பேர் இந்தக் கணக்குக்கு எழுதிய விடைகளைப் பார்த்தார்கள். 1999-இல் வெளியான அவர்களது கட்டுரையின்படி, 145 பேரும் 12 அல்லது 17 என்றே நினைத்திருந்தார்கள். ஒருவருக்குக்கூட 7 தோன்றவில்லை.

இவர்களுக்குக் கூட்டத் தெரியாமல் இல்லை. 12 என்றவர் எட்டையும் நான்கையும் பிழையில்லாமல் கூட்டியிருக்கிறார். 17 என்றவர் கண்ணில் பட்ட மூன்று எண்களையும் கூட்டியிருக்கிறார். கோளாறு கூட்டலில் இல்லை, சமக்குறியில் இருக்கிறது. இரு பக்கமும் ஒரே மதிப்பு என்று சொல்கிற குறி அது. பிள்ளையோ அதை ‘கணக்கைப் போட்டு விடையை எழுது’ என்ற கட்டளையாகப் படிக்கிறது.

அப்படிப் படிக்கப் பழக்கியது நாம்தான். முதல் வகுப்பிலிருந்தே கணக்குகள் 3 + 2 = ___ என்ற ஒரே வடிவில் வருகின்றன. கூட்டலும் கழித்தலும் எப்போதும் இடப்பக்கம், காலி இடம் எப்போதும் வலப்பக்கம். கால்குலேட்டரிலும் அந்தப் பொத்தானை அழுத்தினால் விடை வருகிறது. இதையே வருடக்கணக்கில் பார்க்கும் பிள்ளை வேறு எப்படிப் புரிந்துகொள்ளும்?

இந்தப் பழக்கம் நோட்டுப் புத்தகத்திலேயே தெரியும். நோட்டு ஒன்று 25 ரூபாய். மூன்று நோட்டும் 20 ரூபாய்ப் பேனா ஒன்றும் வாங்கினால், 10 ரூபாய் தள்ளுபடி போக எவ்வளவு? மாணவர் இப்படி எழுதுவார்:

25 × 3 = 75 + 20 = 95 − 10 = 85

விடை சரி, ஆசிரியரும் டிக் போட்டுவிடுவார். ஆனால் எழுதியிருப்பதை அப்படியே படித்தால் 25 × 3-உம் 85-உம் சமம் என்றாகிறது. இங்கே சமக்குறிக்கு ‘அடுத்து’ என்பதுதான் பொருள். 25 × 3 = 75, 75 + 20 = 95, 95 − 10 = 85 என்று மூன்று வரிகளாக எழுத வேண்டிய கணக்கு இது.

எண்கணிதத்தில் இது பெரிய சேதம் செய்யாது. இயற்கணிதத்தில்தான் சிக்கல். 2x + 3 = 11 என்றால் பழைய பழக்கத்தை வைத்தே சமாளிக்கலாம்; வலப்பக்கம் 11 என்ற ‘விடை’ இருக்கிறதே. 3x + 5 = x + 13 என்று வரும்போது வலப்பக்கம் விடையே இல்லை. மாணவர் திகைத்து நிற்கிறார்.

அங்கேதான் ‘அந்தப் பக்கம் போனால் பிளஸ் மைனஸாகும்’ என்ற சூத்திரம் கைகொடுக்க வருகிறது. காரணம் தெரியாமல் அதை மனப்பாடம் செய்தவர், 3x = 12 என்பதற்கு x = 12 − 3 = 9 என்று எழுதிவிடுவார். மூன்றும் அந்தப் பக்கம் போய்விட்டதல்லவா! உண்மையில் எதுவும் எங்கும் போவதில்லை. தராசின் இரு தட்டிலிருந்தும் ஒரே அளவை எடுப்பது போல, இரு பக்கமும் ஒரே செயலைச் செய்கிறோம். 3x + 5 = x + 13 என்பதில் இரு பக்கமும் x-ஐக் கழித்தால் 2x + 5 = 13. இரு பக்கமும் 5-ஐக் கழித்தால் 2x = 8. இரண்டால் வகுத்தால் x = 4. சரிபார்க்க 4-ஐப் போட்டுப் பாருங்கள்: இடப்பக்கம் 17, வலப்பக்கமும் 17.

இன்னொரு பிழையும் இதே வேரிலிருந்து முளைப்பதுதான். விடை என்றால் ஒற்றையாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தால், 3x + 5 என்பதை முடியாத கணக்காக நினைத்து 8x என்று சுருக்கிவிடுகிறார்கள். x-க்கு 2 என்று போட்டால் முதலாவது 11, இரண்டாவது 16. ஆனால் x-க்கு 1 போட்டால் இரண்டும் 8 என்றே வரும். ஆகவே ஓர் எண்ணை மட்டும் போட்டுப் பார்த்து நம்பிவிடக் கூடாது.

திருத்துவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். 8 = 8, 7 = 3 + 4, 6 + 2 = 5 + 3 என்று எழுதி, ‘இது சரியா, தப்பா?’ என்று கேளுங்கள். ‘திருப்பி எழுதியிருக்கு, தப்பு’ என்று பிள்ளை சொன்னால் கோளாறு பிடிபட்டுவிட்டது. பிறகு 38 + 27 = □ + 25 என்று கொடுத்து, கூட்டாமலே சொல்லச் சொல்லுங்கள். 25 என்பது 27-ஐவிட இரண்டு குறைவு. ஆகவே கட்டத்தில் 38-ஐவிட இரண்டு அதிகமாக, 40 வர வேண்டும். இதைக் காரணத்தோடு சொல்லும் பிள்ளைக்குச் சமக்குறி புரிந்துவிட்டது.

எட்டாம் வகுப்பில் சமன்பாடு வரவில்லை என்று டியூஷனுக்கு அனுப்பும் முன், இந்தக் கட்டக் கணக்கை ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். 12 என்று வந்தால், தொடங்க வேண்டிய இடம் x அல்ல, சமக்குறி.