ஒரே புரதம், ஒரு வரிசைப் புள்ளிகள்

மனித ரத்தத்திலிருந்து அணுக்களை நீக்கினால் மிஞ்சும் பிளாஸ்மாவில், ஒரு மில்லிலிட்டருக்கு 60 முதல் 80 மில்லிகிராம் வரை புரதம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் அல்புமின் என்ற ஒரே புரதம். மீதிப் பாதியில் நூற்றுக்கணக்கான புரதங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. இவற்றை அளவை மட்டும் வைத்து ஒரு ஜெல்லில் பிரித்தால், ஏறக்குறைய ஒரே எடையுள்ள பல புரதங்கள் ஒரே கோட்டில் வந்து ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும். அந்தக் கோட்டைப் பார்த்து, அதில் இருப்பது ஒன்றா பத்தா என்று சொல்ல முடியாது.

1975இல் பாட்ரிக் ஓஃபாரல் இதற்கு ஒரு வழியை விரிவாக எழுதினார். புரதங்களை முதலில் ஒரு பண்பைக் கொண்டு இடவலமாகப் பிரிப்பது, பிறகு அதோடு தொடர்பே இல்லாத இன்னொரு பண்பைக் கொண்டு மேலிருந்து கீழாகப் பிரிப்பது. ஈ.கோலை பாக்டீரியாவின் புரதங்களை இப்படிப் பிரித்து, ஒரே ஜெல்லில் 1,100 புள்ளிகளை அவர் எண்ணிக் காட்டினார். இருபரிமாண ஜெல் என்று ஆய்வகங்களில் சொல்வது இதைத்தான்.

முதல் பண்பு மின்சுமை. புரதத்தின் அமினோ அமிலங்களில் சில நேர்மின்சுமை தாங்கும், சில எதிர்மின்சுமை தாங்கும். சுற்றியுள்ள கரைசலின் பி.எச். மாறினால் இந்தக் கூட்டல் கழித்தலும் மாறும். ஏதோ ஒரு பி.எச்.சில் இரண்டும் சரிக்குச் சரியாகி, மொத்த மின்சுமை பூஜ்யமாகும். அதுவே அந்தப் புரதத்தின் சமமின் புள்ளி. ஒரு முனையில் அமிலமாகவும் மறுமுனையில் காரமாகவும் பி.எச். படிப்படியாக ஏறும் மெல்லிய ஜெல் பட்டையில் புரதத்தை வைத்து மின்சாரம் பாய்ச்சினால், அது தன் சமமின் புள்ளி வரை நகர்ந்து நின்றுவிடும். அமிலப் பக்கமாக விலகினால் நேர்மின்சுமை பெற்று எதிர்முனையை நோக்கித் திரும்பும். காரப் பக்கமாக விலகினால் எதிர்மின்சுமை பெற்று மறுபடி இழுக்கப்படும். பள்ளத்தில் உருட்டிவிட்ட கோலி எந்தப் பக்கம் தள்ளினாலும் அடிக்கே வந்து சேர்வது போல. நேரம் போகப் போகப் புரதம் பரவாமல் மேலும் மேலும் குவிகிறது என்பதுதான் இந்த முறையின் பலம்.

இரண்டாவது பண்பு எடை. இதற்கு எஸ்.டி.எஸ். என்ற சோப்புப் பொருள் வேண்டும். ஒரு கிராம் புரதத்தில் ஏறக்குறைய 1.4 கிராம் எஸ்.டி.எஸ். ஒட்டிக்கொண்டு, புரதத்தின் சொந்த மின்சுமையை எதிர்மின்சுமையால் மூழ்கடித்துவிடும். அதன் பிறகு ஜெல்லின் துளைகளுக்குள் சிறியது வேகமாகவும் பெரியது மெதுவாகவும் இறங்கும். இந்த இரண்டு கட்டங்களின் வரிசையை மாற்றவே முடியாததற்கும் இதுதான் காரணம். எஸ்.டி.எஸ். முதலில் வந்தால் புரதத்தின் சொந்த மின்சுமை மறைந்துவிடும். பிறகு சமமின் புள்ளியைத் தேடிப் பயனில்லை.

பிளாஸ்மாவை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம். வெள்ளிச் சாயம் ஏற்றுவதானால் 2 மைக்ரோலிட்டரே தாராளம்; அதில் சுமார் 140 மைக்ரோகிராம் புரதம் இருக்கும். அதை யூரியா, மின்சுமையற்ற சோப்பு, கந்தகப் பிணைப்புகளை அவிழ்க்கும் டி.டி.டி. ஆகியவை கலந்த கரைசலில் சேர்த்து, மொத்தம் 340 மைக்ரோலிட்டராக்கி, 18 சென்டிமீட்டர் நீளமுள்ள உலர்ந்த பட்டையின் மேல் விடுகிறோம். இரவு முழுக்க ஊறியதும் மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றி 8,000 வோல்ட் வரை கொண்டுபோகிறோம். இங்கே கண் வைக்க வேண்டியது மின்னழுத்தக் காட்டியில். ஒரு பட்டைக்கு 50 மைக்ரோஆம்பியர் என்று மின்னோட்டத்துக்கு வரம்பு வைத்திருப்பதால், மாதிரியில் உப்பு அதிகமிருந்தால் அந்த உப்பே மின்னோட்டத்தைச் சுமந்துகொள்ளும்; வோல்ட் ஏறாமல் நின்றுவிடும். பிறகு ஜெல்லில் புள்ளிகளுக்குப் பதில் இடவலமாக இழுபட்ட கோடுகள்தான் கிடைக்கும். பிளாஸ்மாவிலும் உப்பு உண்டு. நூறு மடங்குக்கும் மேல் நீர்த்துப்போவதால்தான் தப்பிக்கிறோம்.

குவிந்து முடிந்த பட்டையை எஸ்.டி.எஸ். கரைசலில் ஊறவைக்க வேண்டும். முதல் கால் மணி நேரம் டி.டி.டி.யோடு, அடுத்த கால் மணி நேரம் கந்தக முனைகளை மூடிவிடும் அயோடோஅசிட்டமைடோடு. அவசரப்பட்டு இதைக் குறைத்தால் புரதம் பட்டையை விட்டு ஒழுங்காக இறங்காது. மேலிருந்து கீழாகக் கோடுகள் இழுபடும். கோடு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைப் பார்த்தே கோளாறு எந்தக் கட்டத்தில் என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

ஊறிய பட்டையைச் சதுர ஜெல்லின் மேல்விளிம்பில் பதித்து ஓட்டி, சாயமேற்றினால் படம் கிடைக்கும். 66 கிலோடால்டன் உயரத்தில் அல்புமின் பெரிய திட்டாகப் படர்ந்திருக்கும். அதற்குச் சற்று மேலே, வலப்பக்கமாக, ஏறக்குறைய 80 கிலோடால்டன் உயரத்தில் ஒரே வரிசையில் சில புள்ளிகள். அவை எல்லாமே டிரான்ஸ்ஃபெரின், ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம்.

ஒரே புரதம் ஏன் பல புள்ளிகளாக வேண்டும்? டிரான்ஸ்ஃபெரினில் இரண்டு சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. அவற்றின் நுனிகளில் வழக்கமாக மொத்தம் நான்கு சியாலிக் அமிலங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எதிர்மின்சுமை. ஒன்று குறைந்தால் எடையில் 291 டால்டன்தான் குறையும். 80,000இல் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் மின்சுமையில் ஒன்று மாறிவிட்டதால் புள்ளி வலப்பக்கம், காரப் பக்கமாக நகர்ந்து நிற்கும். நீண்ட காலம் அதிகமாக மது அருந்துபவர்களிடம் சியாலிக் அமிலம் குறைந்த வடிவங்கள் கூடுகின்றன. சர்க்கரைச் சங்கிலி கட்டப்படுவதிலேயே பிறவிக் குறை உள்ள குழந்தைகளிடமும் அப்படியே. அந்த நோய்களைக் கண்டறிய டிரான்ஸ்ஃபெரினின் சமமின் குவிப்பு மருத்துவத்தில் பயன்படுகிறது.

ஆனால் இதே வரிசையை நம் கவனக்குறைவும் உண்டாக்கிவிடும். யூரியாக் கரைசலில் எப்போதும் கொஞ்சம் சயனேட் உருவாகிக்கொண்டிருக்கும், சூடேறினால் கூடும். அது புரதத்தின் லைசின்களில் ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு நேர்மின்சுமையை அழித்துவிடும். கூடும் எடை 43 டால்டன் மட்டும். விளைவு, அமிலப் பக்கமாக நீளும் புள்ளி வரிசை. இதனால்தான் யூரியா கலந்த மாதிரியை 37 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது, பழைய கரைசலையும் தொடக்கூடாது.

உண்மை வரிசையையும் பொய் வரிசையையும் பிரித்தறிய இரண்டு சோதனைகள் போதும் என்பது என் கருத்து. சர்க்கரையே இல்லாத புரதங்களும் வரிசை கட்டி நிற்கின்றனவா என்று முதலில் ஜெல் முழுக்கப் பார்க்க வேண்டும். நின்றால் யூரியாவைச் சந்தேகிக்கலாம். அடுத்து, மாதிரியில் ஒரு பகுதியை யூரியாவில் சேர்க்கும் முன்பே, சியாலிக் அமிலத்தை வெட்டும் நியூராமினிடேஸ் நொதியோடு வைத்திருந்து ஓட்ட வேண்டும். வரிசை வலப்பக்கம் நகர்ந்து சுருங்கினால் அது சியாலிக் அமிலத்தின் வேலை. நகராமல் இருந்தால் காரணம் வேறு.

இந்த ஜெல்லுக்கு எட்டாதவையும் உண்டு. சவ்வுப் புரதங்கள் தங்கள் சமமின் புள்ளியிலேயே கரையாமல் உறைந்துவிடும். மிகப் பெரியவை பட்டைக்குள்ளேயே நுழையாது. ரத்தத்தில் நுண்ணளவே உள்ள ஹார்மோன்கள் சாயத்தில் தெரியாது. அதனால் இன்று பல ஆய்வகங்கள் புரதங்களை முதலிலேயே டிரிப்சினால் துண்டாக்கி நிறைமாலைமானியில் செலுத்துகின்றன. பட்டியல் நீளமாகக் கிடைக்கும். ஆனால் வெட்டியபின் மூன்று சியாலிக் அமிலம் கொண்ட டிரான்ஸ்ஃபெரினும் நான்கு கொண்டதும் பெரும்பாலும் ஒரே துண்டுகளைத்தான் தரும். எந்தத் துண்டு எதிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. முழுப் புரதத்தின் வடிவங்களைத் தனித்தனியே பார்த்தாக வேண்டிய இடத்தில் ஜெல்லை ஓட்டி, வேண்டிய புள்ளியை வெட்டியெடுத்து, அதற்குப் பிறகே டிரிப்சினில் போடுகிறார்கள்.