ஒரே 1151, ஆனாலும் ஓடாது

ஐ3-6100 பிராசஸரும் எச்110 மதர்போர்டும் கொண்ட கணினி ஒன்று வீட்டில் இருக்கிறது. பிராசஸரில் இரண்டே கோர். ஆறு கோர் உள்ள ஐ5-8400 பழைய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. இரண்டுமே எல்ஜிஏ 1151 சாக்கெட்டுக்கானவை. வாங்கி மாட்டினால் கச்சிதமாக உட்காருகிறது, ஆனால் திரையில் ஒன்றும் வருவதில்லை.

சாக்கெட் என்பது பிராசஸர் உட்காரும் சதுரமான இடம். இன்டெல்லின் எல்ஜிஏ வகையில் மெல்லிய கம்பிகள் போர்டில் இருக்கும். பிராசஸரின் அடியில் தட்டையான தங்கநிறப் புள்ளிகள் மட்டுமே. 1151 என்பது அந்தத் தொடுமுனைகளின் எண்ணிக்கை. எந்த முனை எதற்கு என்பதை அந்த எண் சொல்லாது.

6, 7-ஆம் தலைமுறைப் பிராசஸர்களில் மின்சாரம் கொண்டுவர 128 முனைகள் இருந்தன. 2017 அக்டோபரில் வந்த 8-ஆம் தலைமுறையில் அவை 146 ஆயின. கோர்கள் கூடியதால் மின்தேவையும் கூடியது என்பது இன்டெல் தந்த விளக்கம். முன்பு சும்மா விடப்பட்டிருந்த சில முனைகளுக்கும் இப்போது வேலை வந்தது. போர்டின் பயாஸிலும் புதிய பிராசஸரை அடையாளம் காணும் நிரல் கிடையாது. ஆனால் ஆர்வலர்கள் சிலர் பயாஸைத் திருத்தி, சில முனைகளை மறைத்து, பழைய போர்டுகளிலேயே 8-ஆம் தலைமுறையை ஓட்டிக் காட்டினார்கள். எனவே மின்சாரம் மட்டுமே காரணம் என்பதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. அதற்காக வீட்டுக் கணினியில் அதைச் செய்து பார்க்கச் சொல்லமாட்டேன்.

சாக்கெட்டே மாறிவிட்டால் குழப்பம் குறைவு. 2021-இல் வந்த எல்ஜிஏ 1700 பிராசஸர் நீள்சதுரம், 1151-இல் உட்காரவே உட்காராது. அழுத்தினால் போர்டின் கம்பிகள்தான் வளையும்.

வாங்கும்முன் விண்டோஸில் msinfo32 என்று தட்டுங்கள். BaseBoard Product என்ற வரியில் போர்டின் பெயர் இருக்கும். தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்தப் போர்டுக்கான பிராசஸர் பட்டியலைத் தேடுங்கள். ஒவ்வொரு பிராசஸருக்கு எதிரிலும் குறைந்தபட்சம் எந்தப் பயாஸ் பதிப்பு வேண்டும் என்று போட்டிருப்பார்கள். அதையும் பார்க்க வேண்டும்.

நம் எச்110 போர்டின் பட்டியலில் பெரும்பாலும் ஐ7-7700 இருக்கும்: நான்கு கோர், எட்டு த்ரெட். அதற்கும் பயாஸைப் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம். பழைய ஐ3 மாட்டியிருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள். கழற்றிவிட்டால், பயாஸ் திரைக்குள் போகவே வழியிருக்காது.

ஐ5-8400-தான் வேண்டுமென்றால் 300 வரிசை போர்டு தேவை. உங்கள் பழைய ராம் டிடிஆர்4 என்றால் அதில் அப்படியே மாட்டலாம். எச்110 போர்டுகளில் சில டிடிஆர்3 வாங்குபவை. உங்களுடையது அந்த ரகமானால் ராமுக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள்.