ஊட்டியில் ஒரு பாய்லர்: காற்று வரும் வழியும் புகை போகும் வழியும்

மலையூர் ஓட்டல்களில் விறகு பாய்லரை எடுத்துவிட்டு கேஸ் பாய்லர் வைக்கும்போது பெரும்பாலும் பழைய புகைபோக்கியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நல்ல உயரம், நல்ல அகலம், இடிப்பானேன் என்று நினைப்பது இயல்புதான். குளிர் உள்ளே வருகிறது என்று பாய்லர் அறையின் ஜன்னலில் அட்டை வைத்து அடைப்பதும் அதே போல நல்லெண்ணத்தில் நடப்பது. இந்த இரண்டும் சேரும் இடத்தில் ஆபத்து உருவாகிறது. அது எப்படி என்று பார்க்க, ஊட்டியில் அறுபது அறை கொண்ட ஒரு ஓட்டலை வைத்துக்கொள்வோம். குளியலுக்கு வெந்நீர் தர 200 கிலோவாட் எல்பிஜி பாய்லர். பர்னருக்கு விசிறி கிடையாது. புகைபோக்கியின் இழுவையை மட்டுமே நம்பி எரியும் வகை.

இந்த பாய்லர் முழு வேகத்தில் எரியும்போது மணிக்கு ஏறத்தாழ பதினைந்தரை கிலோ எல்பிஜி செலவாகும். அதை முழுமையாக எரிக்க, கொஞ்சம் உபரியும் சேர்த்து, 290 கிலோ காற்று வேண்டும். எரிபொருளைவிட காற்றின் எடை இத்தனை மடங்கு அதிகம் என்பதை நாம் யாரும் யோசிப்பதில்லை, காற்று கண்ணுக்குத் தெரியாததால். சென்னை வெயிலில் இந்தக் காற்று 250 கன மீட்டர் இடத்தை அடைக்கும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்குதான். ஆகவே அதே 290 கிலோ காற்றுக்கு அங்கே 300 கன மீட்டருக்கு மேல் உள்ளே வந்தாக வேண்டும். சமவெளிக்கு என்று போட்ட கணக்கு மலையில் செல்லாது.

இந்தக் காற்றை உள்ளே இழுப்பது எது? புகைபோக்கிதான். உள்ளே இருக்கும் சூடான புகை வெளிக்காற்றைவிட லேசானது. அந்த எடை வித்தியாசம் புகையை மேலே தள்ள, அது விட்ட இடத்தை நிரப்பக் கீழிருந்து புதுக்காற்று வருகிறது. பத்து மீட்டர் உயரப் புகைபோக்கி, உள்ளே சராசரியாக 120 டிகிரி புகை, வெளியே 10 டிகிரி குளிர் என்றால் கிடைக்கும் இழுவை 28 பாஸ்கல். மூன்று மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம்கூட இல்லை. குளிர் ஊரில் இழுவை பிரமாதமாக இருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். சென்னையில் 30 டிகிரி வெயிலில் இதே புகைபோக்கிக்குக் கணக்குப் போட்டாலும் அதே 28 தான் வருகிறது. குளிரால் கிடைக்கும் லாபத்தை மலையின் மெல்லிய காற்று தின்றுவிடுகிறது.

இந்த 28 பாஸ்கலை மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பாய்லருக்குள் புகை வளைந்து நெளிந்து போக ஏறத்தாழ 12 தேவை என்று வைத்துக்கொள்வோம். சரியான எண் பாய்லருடன் வரும் கையேட்டில் இருக்கும். அடுத்தது புகைக்குழாயின் உராய்வும் வளைவுகளும். மூன்றாவது, காற்று அறைக்குள் நுழையும் திறப்பு. மூன்றின் கூட்டுத்தொகை 28-க்குள் அடங்கினால் பாய்லர் ஒழுங்காக எரியும். மீறினால் புகை அறைக்குள் திரும்பும்.

குழாயின் விட்டத்தை இப்போது தேர்ந்தெடுக்கலாம். 20 சென்டிமீட்டர் குழாய் என்றால் புகை நொடிக்கு நான்கு மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். இரண்டு வளைவும் மேல்மூடியும் சேர்ந்து 25 பாஸ்கல் போய்விடும். பாய்லரின் 12-ஐக் கூட்டிப் பார்த்தாலே கணக்கு உதைக்கிறது. 25 சென்டிமீட்டருக்குப் போனால் வேகம் இரண்டரை மீட்டராகக் குறைகிறது, இழப்பு 10 பாஸ்கலுக்குள் வந்துவிடுகிறது. ஐந்தே சென்டிமீட்டர் வித்தியாசம்தான். உராய்வு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் இப்படி. குழாயைச் சிறிதாக்கிக் காசு மிச்சம் பிடிப்பவர்கள் இந்த இடத்தில்தான் சிக்குகிறார்கள்.

அப்படியானால் விறகு பாய்லருக்குக் கட்டிய பழைய 40 சென்டிமீட்டர் புகைபோக்கி இன்னும் நல்லதல்லவா? இல்லை. அதில் புகை நொடிக்கு ஒரு மீட்டர்தான் நகரும். பத்து மீட்டரைக் கடக்கப் பத்து நொடி. அத்தனை நேரமும் அகன்ற சுவரைத் தொட்டபடி குளிர்ந்துகொண்டே போகும். குளிர்ந்த புகைக்கு இழுவை குறைவு என்பது ஒரு நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டம் தண்ணீர்.

ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் சுமார் 1.6 லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நமது பாய்லர் மணிக்கு 25 லிட்டர் தண்ணீரை ஆவியாகப் புகைபோக்கிக்குள் அனுப்புகிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, புகைபோக்கியின் உட்சுவர் குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால் இந்த ஆவி அதில் முத்து முத்தாகப் படியும். அந்த வெப்பநிலை எல்பிஜி புகைக்குச் சமவெளியில் ஏறத்தாழ 51 டிகிரி, ஊட்டியில் 46. கவனிக்க வேண்டியது புகையின் சூடு இல்லை, சுவரின் சூடு. மேல்முனையில் புகை 85 டிகிரி இருந்தாலும், ஒற்றைத் தகட்டுச் சுவர் அதற்கும் வெளிக்குளிருக்கும் நடுவாந்திரமாகத்தான் நிற்கும். வெளியே 5 டிகிரி என்றால் சுவர் 45. இரவுக் காற்று வீசினால் இன்னும் கீழே. பிறகு நீர் வழிய ஆரம்பிக்கும். புகையிலுள்ள கரியமில வாயு கரைந்திருப்பதால் இந்த நீர் அமிலத்தன்மை கொண்டது. சாதாரண இரும்புத் தகட்டைத் துருவாக்கும், செங்கல் இணைப்புச் சாந்தை அரிக்கும்.

வெளியிலிருந்தே இதைக் கண்டுபிடிக்கலாம். புகைக்குழாயின் இணைப்புகளில் பழுப்புக் கோடுகள் வழிந்திருக்கும். அடியிலுள்ள சுத்தம் செய்யும் கதவைத் திறந்தால் துருத்தண்ணீர் நிற்கும். நடுவில் ராக்வூல் பஞ்சு வைத்த இரட்டைச் சுவர் ஸ்டெயின்லெஸ் குழாயை, சரியான 25 சென்டிமீட்டர் விட்டத்தில், பழைய புகைபோக்கிக்குள்ளேயே இறக்கிவிடுவது இதற்கு நல்ல வழி. கட்டடத்தை இடிக்க வேண்டாம். உட்சுவர் சூடாகவே இருக்கும், இழுவையும் நிலைக்கும்.

இனி அந்த அட்டை வைத்த ஜன்னல். பிரிட்டனில் கேஸ் பாய்லர் அறைகளுக்கான BS 6644 தரநிலை, ஒரு கிலோவாட்டுக்குத் தரையருகே 4 சதுர சென்டிமீட்டர், கூரையருகே 2 சதுர சென்டிமீட்டர் திறப்பு கேட்கிறது. 200 கிலோவாட்டுக்குக் கீழே 800, மேலே 400. ஊட்டியின் மெல்லிய காற்றுக்காகக் கால் பங்கு கூட்டி, கீழே 1,000 சதுர சென்டிமீட்டர் வைப்பேன். இது காற்று உண்மையில் புகும் இடைவெளியின் அளவு. மேலோட்டமான சட்டத்தின் அளவு அல்ல. சாய்ந்த பலகைகள் போட்ட லூவரில் பாதி இடம்கூடத் திறந்திருக்காது. கொசுவலை வேறு அடித்துவிட்டால் அதில் தூசி படிந்து ஒரு வருடத்தில் துணியாகிவிடும். ஆகவே லூவர் குறைந்தது 45-க்கு 45 சென்டிமீட்டராவது வேண்டும், வலை போடுவதென்றால் கண் பெரிதாக.

ஆயிரம் சதுர சென்டிமீட்டரும் திறந்திருந்தால் காற்று நுழைய 1 பாஸ்கல்தான் செலவு. பாய்லருக்கு 12, குழாய்க்கு 10, இதற்கு 1, மொத்தம் 23. கையில் 5 மிச்சம். மேல் திறப்பையும் மூடி, கீழ் லூவரில் முக்கால் பாகத்தை அட்டையால் அடைத்துவிட்டால்? கால் பங்குத் திறப்பில் வேகம் நான்கு மடங்கு, செலவு பதினாறு மடங்கு. மொத்தம் 38 ஆகிறது, இருப்பதோ 28. தீ மஞ்சளாகும், கரி பிடிக்கும், கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பாய்லர் ஆபரேட்டருக்கு ராத்திரி தலை வலிக்கிறது, அறைக் கண்ணாடி வியர்க்கிறது என்றால், சளிக்காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்துவிட்டு விடக் கூடாது. முதலில் அவரை வெளியே அழைத்து வாருங்கள், பாய்லரை அணையுங்கள். பக்கத்துச் சமையலறையின் எக்ஸாஸ்ட் ஃபேன் இந்த அறைக் காற்றையும் சேர்த்து இழுத்தாலும் விளைவு இதுதான். விடியற்காலையில் புகைபோக்கி சில்லென்று இருக்கும்போது இழுவையே இருக்காது என்பதால், முதல் பத்து நிமிடம்தான் மிக மோசமான நேரம்.

எல்பிஜி அறையில் கீழ்த் திறப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும், வெளியேற வழி தரைமட்டத்தில்தான் இருக்க வேண்டும். அதனால் அந்த லூவரைக் குளிர் காரணம் சொல்லி மேலே ஏற்றக் கூடாது.

சோதிப்பது எளிது. கேஸ் வாசனை துளியும் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டு, கதவுகளைச் சாத்தி, சமையலறை ஃபேன்களை எல்லாம் ஓடவிட்டு, பாய்லரைப் பத்து நிமிடம் எரிய விடுங்கள். பர்னர் திறப்பின் ஓரத்தில் ஊதுபத்தியைக் காட்டினால் அதன் புகை உள்ளே போக வேண்டும். வெளியே தள்ளினால் அன்றே பாய்லரை நிறுத்த வேண்டும். சுவரில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம்.

இப்போது வரும் கண்டென்சிங் பாய்லர் இந்தக் கதையைத் தலைகீழாக்குகிறது. புகையிலுள்ள ஆவியை உள்ளேயே தண்ணீராக்கி, அதன் வெப்பத்தையும் வாங்கிக்கொள்வது அதன் வேலை. ஊட்டியில் குழாய்த் தண்ணீரே சில்லென்று வருவதால், அது நேராக வெப்பமாற்றியைத் தொட்டால் புகை 35 டிகிரி வரை குளிரும், ஆவியில் பாதி தண்ணீராகும். மணிக்குப் பன்னிரண்டு லிட்டர்! ஆனால் 60 டிகிரி நீரையே சுற்றவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தால் 46-க்குக் கீழே போகாது, கூடுதல் விலை கொடுத்து வாங்கியது வீண்.

குளிர்ந்த புகைக்கு இழுவை கிடையாது, ஆகவே அங்கே விசிறிதான் தள்ளுகிறது. குழாய்க்குள் அழுத்தம் அறையைவிட அதிகம் என்பதால் சிறு விரிசலும் புகையை அறைக்குள் விடும். ரப்பர் வளையம் பொருத்திய பாலிப்ரொப்பிலீன் அல்லது 316 வகை ஸ்டெயின்லெஸ் குழாயே வேண்டும், பழைய வகை பாய்லரோடு ஒரே புகைபோக்கியில் இணைக்கவே கூடாது. மெல்லிய காற்றில் விசிறியின் தள்ளும் திறனும் குறையும். 200 கிலோவாட் வேண்டுமென்றால் உற்பத்தியாளரின் உயர அட்டவணையைப் பார்த்து 260 அளவில் வாங்க வேண்டிவரும்.

படுக்கைவாட்டில் போகும் குழாய், மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் வீதம் பாய்லரை நோக்கியே சாய வேண்டும், நீர் நடுவில் தேங்காமலிருக்க. அந்த நீர் பிளாஸ்டிக் குழாயில், சுண்ணாம்புக்கல் சில்லுகள் போட்ட பெட்டி வழியாக வடிகாலுக்குப் போகட்டும். சில்லுகள் அமிலத்தை முறித்துக் கரைந்துபோகும், வருடத்துக்கொருமுறை மாற்ற வேண்டும். வடிகால் தொடக்கத்தில் ஏழரை சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் வளைவு ஒன்று உண்டு. விசிறி தள்ளும் புகை வடிகால் வழியாக அறைக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். ஆளில்லாத மாதங்களில் பாய்லர் நின்றால் அது உலர்ந்துபோகும். சீசனுக்குத் திறக்கும் நாளில் சுவிட்சைத் தொடும் முன் அந்த வளைவில் தண்ணீர் ஊற்றி நிரப்பிவிட வேண்டும்.